மாறிவரும் மழையைப் பற்றி ஒரு விவசாயியிடம் என்ன கேட்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளூர்க் காலநிலைத் தாக்கம் பற்றித் திட்டக் கட்டுரை எழுதும் மாணவர்கள், விவசாயியைச் சந்திக்கப் போகும் முன்பும் திரும்பி வந்த பின்பும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் எல்லாம் இராமநாதபுரம் மாவட்டத்து மானாவாரி நெல்லைச் சார்ந்தவை. அங்கே மழையும் அதை நம்பிய கண்மாயும்தான் பயிருக்கு நீர். ஆற்றுப் பாசனமும் ஆழ்துளைக் கிணறும் நடுவில் புகுந்து கணக்கைக் குழப்புவது குறைவு.

"எத்தனை கேள்விகள் எழுதிக்கொண்டு போக வேண்டும்? எப்போது போவது?"

பன்னிரண்டு கேள்விகளுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று துணைக் கேள்விகள் பேச்சில் தானாகவே வரும். ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் அவர் சுருக்கமாகப் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார். கடைசிக் கேள்விகளுக்குக் கிடைக்கும் "ஆமாம்", "இல்லை" எதற்கும் பயன்படாது.

தை மாதத்தில் போகாதீர்கள். அறுவடை நடக்கும். மாசிக் கடைசியும் பங்குனியும் நல்ல காலம். முடிந்த பருவம் மனத்தில் பசுமையாக இருக்கும், நிழலில் உட்கார்ந்து பேச நேரமும் இருக்கும். குரலைப் பதிவு செய்வதாக இருந்தால் முதலிலேயே கேட்டு அனுமதி வாங்குங்கள். கட்டுரையில் பெயர் வராது என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

"நேரடியாக 'மழை குறைந்துவிட்டதா ஐயா?' என்று தொடங்கினால் என்ன தவறு?"

அந்தக் கேள்வியில் பதில் ஏற்கெனவே இருக்கிறது. கல்லூரியிலிருந்து ஒரு பிள்ளை இவ்வளவு தூரம் வந்து கேட்கும்போது, "அப்படியெல்லாம் இல்லை" என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. "ஆமாம் தம்பி, இப்போதெல்லாம் மழை எங்கே பெய்கிறது" என்பார். நீங்களும் எழுதிக்கொள்வீர்கள். அந்த வரியை வைத்துக்கொண்டு எதையும் நிறுவ முடியாது.

முடிந்த பருவத்தில் தொடங்குங்கள். "இந்த முறை விதைப்பு எப்போது நடந்தது?" என்பது நல்ல முதல் கேள்வி. அது எளிது, அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது, ஒரு தேதியில் போய் நிற்பது. அங்கிருந்து ஒவ்வோர் ஆண்டாகப் பின்னோக்கிப் போகலாம்.

"காலநிலை மாற்றம் என்ற சொல்லைச் சொல்லலாமா?"

கடைசிக் கேள்வி வரை வேண்டாம். தொலைக்காட்சியில் கேட்ட பதிலை அது வரவழைத்துவிடும். நமக்கு வேண்டியது அவருடைய வயலில் நடந்தது.

"மழையைப் பற்றிக் கேட்காமல் மழையைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது?"

விவசாயி மழையைத் தனியாக நினைவில் வைத்திருப்பதில்லை. மழையை நம்பி அவர் எடுத்த முடிவுகளைத்தான் நினைவில் வைத்திருக்கிறார். எந்த நாளில் விதைத்தார், மறுபடி விதைக்க நேர்ந்ததா, களை எடுக்க ஆள் வைத்தாரா, கதிர் சாய்ந்ததா, இவையெல்லாம் பணமும் உழைப்பும் போட்ட நிகழ்வுகள் என்பதால் மறப்பதில்லை. ஆகவே கேள்விகளைப் பயிரின் நாள்காட்டியை ஒட்டி அமையுங்கள்.

இராமநாதபுரத்தில் அந்த நாள்காட்டி இப்படிப் போகும். கோடையிலும் ஆடி, ஆவணியிலும் கிடைக்கும் சில மழைகளை வைத்து உழுது வைப்பார்கள். ஆவணிக் கடைசியிலோ புரட்டாசியிலோ காய்ந்த மண்ணில் நெல்லை நேரடியாக விதைப்பார்கள். இதுதான் புழுதி விதைப்பு. விதை மண்ணுக்குள் கிடந்து மழைக்குக் காத்திருக்கும். ஒரு நல்ல மழையில் முளைக்கும். பின்பு ஐப்பசி, கார்த்திகை மழையில் வளரும். மார்கழியில் மழை ஓய்ந்ததும் கண்மாய்த் தண்ணீர் கதிரை முற்ற வைக்கும். தையிலும் மாசித் தொடக்கத்திலும் அறுப்பு.

இந்தத் தொடரில் மழை காலை வாரிவிடக்கூடிய இடங்கள் நான்கு. ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கேள்வி எழுதுங்கள். "விதைத்த பிறகு முளைக்க வைத்த மழை எத்தனை நாள் கழித்து வந்தது?" "முளைத்த பிறகு எப்போதாவது பயிர் வாடியதா, அது எத்தனை நாள் நீடித்தது?" "கண்மாயில் தண்ணீர் எந்த மாதம் வரை நின்றது?" "அறுப்பு நேரத்தில் மழை பெய்ததா, நெல் நனைந்ததா?" இந்த நான்கையும் ஐந்தாறு ஆண்டுகளுக்குக் கேட்டு ஓர் அட்டவணையில் நிரப்பினால் கட்டுரையின் முதுகெலும்பு கிடைத்துவிடும். மற்ற கேள்விகள் இவற்றை விளக்கத்தான்.

"எவ்வளவு பெய்தது என்பதை அவர் எப்படிச் சொல்வார்? மில்லிமீட்டர் தெரியாதே?"

தெரிய வேண்டியதில்லை. அவரிடம் வேறு அளவுகள் இருக்கின்றன. ஏர் பூட்டும் அளவுக்கு மண் நனைந்தால் அது ஓர் உழவு மழை. "அந்த மழையில் ஈரம் எவ்வளவு ஆழம் இறங்கியது?" என்று கேட்டால் கையால் காட்டுவார். நான்கு விரலா, ஒரு சாணா என்று குறித்துக்கொள்ளுங்கள். கரிசலிலும் மணற்பாங்கான நிலத்திலும் ஒரே மழை வெவ்வேறு ஆழத்துக்கு இறங்கும். அதனால் மண் வகையையும் பக்கத்தில் எழுதுங்கள்.

பருவம் முழுவதற்கும் கண்மாயே அளவுகோல். "கண்மாய் மறுகால் பாய்ந்த ஆண்டுகள் எவை?" என்று கேளுங்கள். கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியாக உபரி நீர் வெளியேறிய ஆண்டு ஊருக்கே தெரியும். ஒருவர் மறந்தாலும் பக்கத்தில் இருப்பவர் சொல்வார். இதை முழுதாக நம்புவதற்கு முன் மகசூல் பற்றிய கேள்விக்கான பதிலையும் படித்துவிடுங்கள்.

"தேதியே ஞாபகம் இல்லை என்கிறார். என்ன செய்வது?"

ஆங்கிலத் தேதியைக் கேட்டிருப்பீர்கள். தமிழ் மாதத்தில் கேளுங்கள். ஐப்பசி முதல் தேதி அக்டோபர் 17 அல்லது 18-இல் விழும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் சராசரி நாளாக வானிலைத் துறை கொள்வது அக்டோபர் 20. ஆக, "ஐப்பசி பிறந்து ஒரு வாரம் ஆகியும் மழை இல்லை" என்று அவர் சொன்னால் அதை அப்படியே பதிவேட்டோடு ஒப்பிடலாம்.

பண்டிகைகளில் கொஞ்சம் கவனம் தேவை. பொங்கல் நகராது. தீபாவளி நகரும். 2017-இல் அது அக்டோபர் 18, 2020-இல் நவம்பர் 14. "முன்பெல்லாம் தீபாவளிக்கு முன்பே மழை பிடித்துவிடும்" என்ற வாக்கியத்தை மட்டும் வைத்துப் பருவமழை பிந்திவிட்டது என்று எழுதினால், நீங்கள் அளந்தது மழையின் நகர்வா, தீபாவளியின் நகர்வா என்று தேர்வாளர் கேட்பார். ஆண்டைக் கேட்டு, அந்த ஆண்டின் தீபாவளித் தேதியைப் பார்த்து மாற்றி எழுதுங்கள்.

ஆண்டைப் பிடிக்கப் பொது நிகழ்வுகள் உதவும். ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போனது 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு. அந்தப் பருவத்தில் தமிழகத்துக்குக் கிடைத்த வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைவு. "நோட்டு செல்லாமல் போன வருடம் பயிர் எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். தேதி நினைவில்லை என்றவர் விலாவாரியாகப் பேசுவார். கஜா புயல் கரை கடந்த 2018 நவம்பர் 16, ஊரடங்கு தொடங்கிய 2020 மார்ச், அறுக்கும் நேரத்தில் மழை கொட்டிய 2021 ஜனவரி ஆகியவையும் நல்ல ஆணிகள். அவருடைய வீட்டு நிகழ்வுகள், அதாவது மகளின் திருமணம், மாடு வாங்கியது போன்றவை, இவற்றைவிட உறுதியானவை.

"'அந்தக் காலத்தில் மாதம் மும்மாரி பெய்தது' என்று பேசுகிறார். அதை எழுதிக்கொள்ளலாமா?"

எழுதிக்கொள்ளுங்கள், சான்றாக எடுக்காதீர்கள். அவர் எந்த ஆண்டிலிருந்து சொந்தப் பொறுப்பில் விவசாயம் செய்கிறார் என்று கேளுங்கள். அதற்கு முந்தைய மழை அவர் அப்பாவிடம் கேட்டது, அல்லது சிறுவனாகக் கண்மாயில் குளித்தது. பொறுப்பேற்ற பிறகு நடந்ததையே அட்டவணையில் சேர்க்க வேண்டும்.

"முன்பு, இப்போது" என்ற ஒப்பீட்டை "இந்த ஆண்டு, அந்த ஆண்டு" என்று மாற்றுங்கள். நீங்கள் கண்டதிலேயே நல்ல பருவம் எது, மோசமானது எது, சென்ற பருவம் இரண்டில் எதற்கு அருகில் இருந்தது என்று மூன்றாகக் கேட்டால் பேச்சு தரைக்கு வரும். மோசமான ஆண்டுகளே நினைவில் ஆழப் பதியும் என்பதால் நல்ல பருவத்தை முதலில் கேளுங்கள்.

"மகசூல் குறைந்துவிட்டது, கண்மாய் நிரம்புவதில்லை என்கிறார். மழை குறைந்ததற்கு இதுவே சான்றுதானே?"

இல்லை. திட்டக் கட்டுரைகளில் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். கண்மாய் நிரம்பாததற்கு வானம் மட்டும் காரணம் இல்லை. வரத்துக்கால் தூர்ந்திருக்கலாம், அதில் சீமைக் கருவேலம் மண்டியிருக்கலாம், மேலே ஒரு சாலை போட்டதில் நீரோட்டம் திரும்பியிருக்கலாம். இதற்கு நேர்மாறானதும் நடக்கும். வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்த கண்மாய் கொஞ்ச மழையிலேயே மறுகால் பாயும், பிறகு சீக்கிரம் வற்றிவிடும். அதைப் பார்த்து மழை கூடிவிட்டது என்றும் ஒருவர் எழுதிவிடலாம்.

ஆகவே மழைக் கேள்விகளுக்குப் பக்கத்தில் இவற்றையும் வையுங்கள். கண்மாயைக் கடைசியாக எப்போது தூர்வாரினார்கள்? வரத்துக்கால் இப்போது எப்படி இருக்கிறது? (கேட்பதோடு நிற்காமல் நடந்து போய்ப் பாருங்கள்.) முன்பு போட்ட நெல் ரகம் எது, அதற்கு எத்தனை நாள் வயது, இப்போது என்ன? குறுகிய கால ரகத்துக்கு மாறியவரின் அறுப்புத் தேதி, மழை சிறிதும் மாறாவிட்டாலும் முன்னால் வந்துவிடும். காட்டுப்பன்றித் தொல்லை, களைக்கு ஆள் கிடைக்காதது, பிள்ளைகள் வெளியூர் போனது ஆகியவையும் மகசூலைக் குறைக்கும். "மழையைத் தவிர வேறு எதனால் விளைச்சல் குறைந்தது?" என்ற ஒரு கேள்வி இவற்றை எல்லாம் வெளியே கொண்டுவரும்.

"நிவாரணம் வாங்கித் தருவீர்களா என்று கேட்கிறார்கள். எப்படிச் சமாளிப்பது?"

நோட்டும் பேனாவுமாக வந்து பயிர்ச் சேதம் பற்றிக் கேட்பவர் அவர்கள் அனுபவத்தில் அரசுக் கணக்கெடுப்பாளர் அல்லது பயிர்க் காப்பீட்டுக்காரர். அந்த எண்ணம் இருக்கும் வரை சேதம் கூடுதலாகச் சொல்லப்படும். அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. படிப்புக்காக வந்திருக்கிறீர்கள், உங்களால் எந்தத் தொகையும் வராது, யாரிடமும் கொடுக்கப் போவதில்லை என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். சேத சதவீதத்தைக் கேட்காதீர்கள். "எத்தனை மூட்டை கிடைத்தது, வழக்கமாக எத்தனை?" என்று கேளுங்கள்.

"ஒரே ஒரு விவசாயி போதுமா?"

பாடத்திட்டம் ஒருவர் என்றால் ஒருவர் போதும், முடிவையும் அந்த ஒரு வயலின் அளவிலேயே எழுத வேண்டும். நேரம் இருந்தால் இன்னும் இருவரைச் சேருங்கள். ஒருவர் கண்மாய் மடைக்கு அருகில் நிலம் உள்ளவர், மற்றவர் கடைமடைக்காரர். மழை தாமதமான ஆண்டில் முதலாமவர் தப்பியிருப்பார், இரண்டாமவரின் கதிர் பதராகியிருக்கும். ஒரே ஊர், ஒரே மழை.

வீட்டுப் பெண்களிடமும் தனியாகக் கேளுங்கள். களை எடுப்பு, விதை நெல் பாதுகாப்பு, மிளகாய் காய வைப்பது போன்றவை பெரும்பாலும் அவர்கள் கையில். காய வைத்த மிளகாய் எந்த மாதம் நனைந்தது என்பது அந்த அம்மாவுக்குத்தான் சரியாகத் தெரியும்.

"மழைப் பதிவுகளை எங்கே எடுப்பது? நேர்காணலுக்கு முன்பா, பின்பா?"

முன்பே எடுத்துப் பார்த்துவிடுங்கள், ஆனால் அவரிடம் காட்டாதீர்கள். காட்டினால் அவர் நினைவு அதற்கேற்ப வளைந்துவிடும். மாவட்டப் புள்ளிவிவரக் கையேட்டில் மாதவாரி மழை இருக்கும். நாள்வாரிக் கணக்குக்கு அருகிலுள்ள மழைமானி நிலையத்தின் பதிவு தேவை. இந்திய வானிலைத் துறையின் புனே அலுவலகத் தளத்தில் 1901 முதல் கட்டம் கட்டமாகப் பிரித்த நாள்வாரி மழைத் தரவும் கிடைக்கிறது. அதில் ஒரு கட்டத்தின் பக்கம் கால் பாகை, ஏறக்குறைய 27 கிலோமீட்டர். ஒரு ஊரின் மழையை அது சொல்லாது, சுற்றுவட்டாரத்தின் போக்கைச் சொல்லும்.

இரண்டு விதிகளை நினைவில் வையுங்கள். முதலாவது, நாள்மழை காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை கணக்கிடப்பட்டு, அளந்த நாளின் தேதியில் எழுதப்படும். செவ்வாய் மாலை பெய்த மழை பதிவேட்டில் புதன்கிழமையில் இருக்கும். விவசாயி ஒரு நாள் தவறாகச் சொல்வதாகத் தோன்றும் இடங்களில் பாதி இதுவாகத்தான் இருக்கும். இரண்டாவது, 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்தால்தான் வானிலைத் துறைக்கு அது மழை நாள். விவசாயிக்கு 3 மில்லிமீட்டர் வெறும் தூறல், அதை அவர் மழை என்றே சொல்ல மாட்டார்.

"மழை பொய்த்துவிட்டது என்று அவர் சொன்ன ஆண்டில் பதிவேட்டில் இயல்பான மழை இருக்கிறது. யாரை நம்புவது?"

பெரும்பாலும் இருவரையும். கற்பனையாக இரண்டு பருவங்களை எடுத்துக்கொள்வோம். இரண்டிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை 480 மில்லிமீட்டர். முதல் பருவத்தில் அது 26 மழை நாள்களில் பரவிப் பெய்தது. நீண்ட இடைவெளி 8 நாள். இரண்டாவதில் அக்டோபர் முதல் வாரம் 35 மில்லிமீட்டர் பெய்து விதை முளைத்தது. அதன்பின் 24 நாள் ஒன்றும் இல்லை. நவம்பரில் ஒரு புயல் சின்னம் இரண்டே நாளில் 190 மில்லிமீட்டரைக் கொட்டியது. மீதி 255 மில்லிமீட்டர் டிசம்பர் முடிவதற்குள் விட்டு விட்டு வந்தது. மொத்தம் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது பருவத்தில் முளைத்த நாற்று காய்ந்தது, அவர் மறுபடி விதை வாங்கினார், அந்த விதையையும் பெருமழை அடித்துக்கொண்டு போனது. "மழை பொய்த்தது" என்று அவர் சொல்வது அந்த 24 நாளைத்தான். பருவ மொத்தத்தில் அது தெரியாது.

ஆகவே பருவ மொத்தத்தோடு நிறுத்தாமல் நாள்வாரிப் பதிவிலிருந்து மூன்று எண்களை எடுங்கள். மழை நாள்களின் எண்ணிக்கை, முளைப்புக்குப் பிந்தைய மிக நீண்ட வறண்ட இடைவெளி, மிக அதிகம் பெய்த ஒரு நாளின் அளவு. இவற்றை நான்காவது கேள்வியில் சொன்ன அட்டவணைக்குப் பக்கத்தில் வைத்தால், எந்த ஆண்டில் எது பயிரைப் பாதித்தது என்பது தெரிந்துவிடும்.

அப்போதும் ஒத்துப்போகவில்லை என்றால் வரிசையாகச் சோதியுங்கள். ஆண்டு தவறியிருக்கிறதா? முன்னும் பின்னும் ஓராண்டு பாருங்கள். மழைமானி எத்தனை கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது? இடிமழை ஓர் ஊரில் கொட்டி அடுத்த ஊரைத் தொடாமல் போகும். பதிவேட்டில் காலியான நாள்களைச் சுழியம் என்று எண்ணிவிட்டீர்களா? இவ்வளவுக்குப் பிறகும் முரண் நின்றால், முரணை அப்படியே கட்டுரையில் எழுதுங்கள். ஒன்றை மறைத்துவிட்டு மற்றொன்றை வைக்காதீர்கள்.

"மரத்தை வெட்டியதால்தான், சாமி குற்றத்தால்தான் மழை இல்லை என்கிறார். திருத்த வேண்டுமா?"

வேண்டாம். அவர் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நேர்காணல் வகுப்பறை இல்லை. காரணம் பற்றிய அவர் கருத்து ஒரு தரவு, மழை பற்றிய அவர் கவனிப்பு வேறொரு தரவு. இரண்டையும் தனித்தனிப் பகுதியில் வையுங்கள்.

"அப்படியானால் முடிவில் காலநிலை மாற்றம்தான் காரணம் என்று எழுதலாமா, கூடாதா?"

ஒரு நேர்காணலையும் ஒரு மழைமானியையும் வைத்து எழுத முடியாது. வடகிழக்குப் பருவமழை இயல்பாகவே ஆண்டுக்கு ஆண்டு கடுமையாக ஏறி இறங்கும். 2015-இல் சென்னையில் வெள்ளம், அடுத்த ஆண்டே மேலே சொன்ன 62 சதவீதப் பற்றாக்குறை. பசிபிக் கடல் சூடாகும் எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை குறைவதும், நமது வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் கூடுவதும் நீண்டகாலமாகக் கண்ட தொடர்பு. 2015 ஓர் எல் நினோ ஆண்டு. இப்படிப்பட்ட ஊசலாட்டத்துக்கு நடுவே மெதுவான மாற்றத்தைப் பிரித்துக் காண முப்பது ஆண்டுப் பதிவாவது வேண்டும்.

எழுதக்கூடியது இது: காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால் அது ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக நீராவியைத் தாங்கும். அதனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கும் வாய்ப்பு கூடுகிறது. உங்கள் விவசாயி சொன்ன "நீண்ட காய்ச்சல், பிறகு ஒரே கொட்டல்" என்ற வடிவம் இதற்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். பொருந்தினால் "பொருந்துகிறது" என்று எழுதுங்கள். "நிரூபிக்கிறது" என்று எழுதாதீர்கள். நல்ல தேர்வாளர் இந்த இரண்டு வினைச்சொற்களுக்கு இடையில்தான் மதிப்பெண் போடுவார்.

"எழுதி முடித்ததை அவரிடம் காட்ட வேண்டுமா?"

முழுக் கட்டுரை வேண்டாம். ஆண்டுவாரி அட்டவணையை மட்டும் எடுத்துப்போய் வாசித்துக் காட்டுங்கள், அல்லது தொலைபேசியில் படியுங்கள். "இல்லை தம்பி, மறுவிதைப்பு அந்த வருடம் இல்லை, அதற்கு அடுத்தது" என்று ஒரு திருத்தமாவது வரும். திருத்தத்தை வேறு நிற மையில் தேதியோடு குறியுங்கள். முதலில் சொன்னதை அழிக்க வேண்டாம். மழைப் பதிவுகளை அவருக்குக் காட்டுவதாக இருந்தால் இந்தத் திருத்தமெல்லாம் முடிந்த பிறகு காட்டுங்கள்.